ஒரே ஆர்டருக்கு மூன்று பிடித்தம்: அனுப்பும்போதுதான் பணம் எடுப்போம் என்றார்களே?

கயல்_எழுத்து

ஆன்லைன் கடை ஒன்றில் இரண்டு பொருள்களை ஒரே ஆர்டராகப் போட்டேன். கணக்குப் புரிய வசதியாக மொத்தம் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 600, மற்றது 400. டெபிட் கார்டில் கட்டினேன். “பொருள் அனுப்பும்போதுதான் உங்கள் கார்டில் பணம் எடுக்கப்படும்” என்று ஆர்டர் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.

ஆர்டர் போட்ட உடனே வங்கி ஆப்பில் 1,000 பெண்டிங் என்று வந்தது. சரி, பிளாக் செய்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். 600 பொருள் முதலில் கிளம்பியது. அன்று இரவே 600 எடுக்கப்பட்டது. ஆனால் பழைய 1,000 பெண்டிங் அப்படியே நிற்கிறது. நேற்று இரண்டாவது பார்சல் தயார் என்று மின்னஞ்சல் வந்தது, கூடவே புதிதாக 400 பெண்டிங்.

ஆக, 1,000-க்கு வாங்கிய எனக்கு 2,000 குறைந்திருக்கிறது. கடையில் கேட்டால் “நாங்கள் எடுத்தது 600 மட்டும்” என்கிறார்கள். வங்கியில் கேட்டால் “அது கடைக்காரர் போட்ட பிளாக், அவர்களிடம் கேளுங்கள்” என்கிறார்கள். யார் சொல்வது உண்மை?

சுடர்மணி

பெண்டிங் என்றால் பணம் கடைக்காரர் கைக்குப் போய்விட்டது, கணக்கில் ஏற்றவில்லை, அவ்வளவுதான் தோழி. 1,000-க்கு ரீஃபண்ட் கேளுங்கள். தர மாட்டேன் என்றாலும் கவலை வேண்டாம், 7 நாளில் தானாகத் திரும்பிவிடும். எல்லா வங்கிக்கும் அதுதான் விதி.

பழைய_பேரேடு

சுடர்மணி, 7 நாள் என்ற எண் காற்றில் வந்ததில்லை, ஆனால் அது வேறொன்றுக்கான எண். அதற்கு அப்புறம் வருகிறேன். நான் ஒரு வங்கியின் கார்டு பிரிவில் பல வருடம் இருந்தவன். முதலில் ரீஃபண்ட் விஷயம்.

நீங்கள் ஆர்டர் போடும்போது கடைக்காகக் கார்டுச் செய்திகளைக் கொண்டுபோகும் கேட்வே வழியாக உங்கள் வங்கிக்கு ஒரு கேள்வி போகிறது: இந்தக் கார்டில் 1,000 இருக்கிறதா, எனக்காக ஒதுக்கி வைப்பாயா? வங்கி சரி என்று சொல்லி, ஆறு எழுத்தோ எண்ணோ கொண்ட ஒரு குறியீட்டைக் கொடுக்கும். அப்ரூவல் கோட் என்பார்கள், ஆத்தரைசேஷன் கோட் என்றும் சொல்வார்கள். இந்தக் கட்டத்தில் ஒரு காசு கூட நகரவில்லை. உங்கள் கணக்கின் இருப்பு மாறாது, நீங்கள் எடுக்கக்கூடிய இருப்பு மட்டும் 1,000 குறையும். கடைக்கு வராத பணத்தை அவர்களால் ரீஃபண்ட் செய்ய முடியாது. “நாங்கள் எடுத்தது 600 மட்டும்” என்று அவர்கள் சொல்வது உண்மைதான்.

பொருள் கிளம்பும்போது கடை இரண்டாவது செய்தி ஒன்றை அனுப்பும். அந்தக் குறியீட்டின் பேரில் 600 கொடு என்று. பணம் நகர்வது இதற்குப் பிறகுதான். இந்தச் செய்தி வந்ததும் வங்கியின் கணினி, இது எந்தப் பிளாக்குக்கு உரியது என்று தேடிப் பிடித்து அந்தப் பிளாக்கை நீக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் நீங்கவில்லை. ஏன் என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், ஒன்றில் தவறு வங்கியுடையது, இன்னொன்றில் கடையுடையது. எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

வங்கியைக் கூப்பிட்டு, எடுக்கப்பட்ட 600-க்கும் பெண்டிங்கில் நிற்கும் 1,000-க்கும் அப்ரூவல் கோட் என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆப்பில் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவர்கள் திரையில் தெரியும். இரண்டும் ஒன்றே என்றால், கடை சரியாகத்தான் கேட்டிருக்கிறது, வங்கியின் கணினி பொருத்தத் தவறிவிட்டது. தொகை மாறும்போது இது நடப்பதுண்டு. 1,000-க்குப் பிளாக், 600-க்கு வசூல் என்றால் சில வங்கிகள் பிளாக்கை முழுக்க எடுத்துவிடும், சில 400-ஆகக் குறைத்து வைக்கும், சில தொடாமல் விட்டுவிடும்.

கோட் வேறு வேறு என்றால் கதை வேறு. கடை பழைய 1,000-ஐப் பயன்படுத்தவே இல்லை, 600-க்குப் புதிதாக அனுமதி வாங்கி எடுத்திருக்கிறது. அப்படியானால் 1,000-ஐ ரத்து செய்ய வேண்டியது கடை.

வானம்பாடி88

எனக்கும் இதே பிரச்சினைதான்! திருப்பி அனுப்பிய பொருள் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, “ரீஃபண்ட் செய்துவிட்டோம்” என்று மெயிலும் வந்துவிட்டது, வங்கியில் ஒன்றும் இல்லை. நானும் அப்ரூவல் கோட் கேட்க வேண்டுமா?

பழைய_பேரேடு

இல்லை, உங்களுடையது வேறு. உங்களிடம் பணம் உண்மையாகவே எடுக்கப்பட்டது, இப்போது அது திரும்பி வர வேண்டும். கடையிடம் ARN கேளுங்கள், 23 இலக்க எண். ரீஃபண்ட் நிஜமாகவே அனுப்பப்பட்டிருந்தால் அது இருக்கும், அதை வைத்து வங்கி தேடும். கயல் கேட்டால் ARN கிடைக்காது. வெறும் பிளாக்குக்கு அப்படியொரு எண் உருவாவதே இல்லை. அதைக் கேட்டு அலைபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைத்தெரு_குமரன்

நான் சிறிய ஆன்லைன் கடை நடத்துகிறேன். கயலுக்கு நடந்தது இரண்டாவது வகை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, வங்கி பொருத்தத் தவறியது அல்ல.

கடைகளுக்கான மென்பொருள் பலவற்றில் ஓர் ஏற்பாடு உண்டு. இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் கிளம்பாது என்று தெரிந்ததும், ஆர்டரை உள்ளுக்குள் இரண்டாக உடைத்துவிடும். வாடிக்கையாளர் கண்ணுக்கு ஒரே ஆர்டர், உள்ளே 600-க்கு ஒன்று, 400-க்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சேமித்து வைத்த கார்டில் தனியாக அனுமதி வாங்கும். அப்போது தாய் ஆர்டரின் 1,000 பிளாக்கை ரத்து செய்ய வேண்டும். மறந்துபோவது இந்த ஒரு வேலைதான். ரத்து செய்யாவிட்டால் கடைக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவர்கள் அறிக்கையிலும் எதுவும் சிவப்பாகத் தெரியாது. அதனால் பிழை யார் கண்ணிலும் படாமல் வருடக்கணக்கில் ஓடும்.

ஒரே அனுமதியை வைத்தே 600, பிறகு 400 என்று எடுக்க முடியாதா என்றால், எல்லா கேட்வேயிலும் முடியாது. உதாரணமாக ஸ்ட்ரைப்பில் தனியாக எடுக்கும் முறையை வைத்தால் இப்படி இருக்கும்:

```
capture_method: manual
status: requires_capture
amount_to_capture: 600
```

இங்கே 600 எடுத்ததும், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் மீதி 400 விடுவிக்கப்பட்டுவிடும். ஒரே அனுமதியில் பல முறை எடுக்கும் வசதி தனி, எல்லாக் கடைக்கும் எல்லாக் கார்டுக்கும் கிடைப்பதில்லை. அதனால் இரண்டாவது பார்சலுக்குப் புது அனுமதி வாங்கினால் அதில் தப்பில்லை. அந்த 400 நியாயமானது. 1,000-தான் அனாதையாக நிற்கிறது.

(`amount_to_capture`-இல் தொகையைச் சில்லறை அலகில் எழுத வேண்டும், நான் எண்ணை எளிமையாக்கியிருக்கிறேன். யாராவது திருத்த வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

பழைய_பேரேடு

குமரன் சொல்வது நடப்பதுதான். ஆனால் வங்கியை இவ்வளவு சீக்கிரம் விடுவிக்காதீர்கள். பல பார்சலாகப் போகும்போது, வசூல் செய்தியிலேயே “இரண்டில் ஒன்று” என்று குறிப்பிட இடம் இருக்கிறது. அது வந்தால் இன்னொன்று வரப்போகிறது என்று புரிந்துகொண்டு வங்கி 400-ஐ மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதை மதிக்காத வங்கிகளும் உண்டு, அதை அனுப்பவே அனுப்பாத கேட்வேகளும் உண்டு. கோட் தெரிந்தால் பேசலாம்.

சுடர்மணி

சரி, ரீஃபண்ட் என்று சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் 7 நாள்? என் கார்டில் எப்போதும் ஒரு வாரத்தில் போய்விடுகிறது. அதற்குள் யாரையும் கூப்பிடாமல் காத்திருந்தாலே போதாதா?

பழைய_பேரேடு

அதற்குத்தான் வருகிறேன் என்றேன். இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன, இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

ஒன்று கடையுடையது. அனுமதி வாங்கிய பின் இத்தனை நாளுக்குள் வசூலித்தால் வங்கி மறுக்காது என்ற உத்தரவாதம். கார்டு நிறுவனத்தையும் பரிவர்த்தனை வகையையும் பொறுத்து இது மாறும். ஆன்லைன் கடைகளில் பெரும்பாலும் ஒரு வாரம், முன்பின்னாக. மாஸ்டர்கார்டில் ப்ரீ-ஆத்தரைசேஷன் என்று தெளிவாகக் குறித்து வாங்கியிருந்தால் 30 நாள் வரை. உங்கள் 7 நாள் இந்த வரிசையில் வருவது.

இன்னொன்று வங்கியுடையது. வசூல் வராத பிளாக்கை எத்தனை நாளில் தானே கைவிடுவது என்று வங்கி தன் கணினியில் வைத்திருக்கும் எண். மூன்று நாளில் விடும் வங்கியும் உண்டு, ஒரு மாதம் வைத்திருக்கும் வங்கியும் உண்டு. உங்கள் வங்கியில் ஒரு வாரம் என்பது கயலின் வங்கிக்குப் பொருந்த வேண்டியதில்லை.

இன்னும் முக்கியமான விஷயம். பிளாக் விழுந்துவிட்டது என்றால் ஆர்டர் ரத்தாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. வங்கி சீக்கிரமே பிளாக்கை விடுவித்துவிட்டது, கடை தன் கெடுவுக்குள்தான் இருக்கிறது, பொருள் அன்றுதான் கிளம்புகிறது என்று வையுங்கள். வசூல் செய்தி வரும், வங்கி கொடுத்தாக வேண்டும். இதற்குள் நீங்கள் “பணம் திரும்பிவிட்டது” என்று செலவழித்திருந்தால் கணக்கு மைனஸில் போகும். டெபிட் கார்டில் இது நடந்து சண்டைக்கு வந்தவர்கள் அதிகம். அவர்களிடம் விளக்குவதுதான் அந்த வேலையிலேயே எனக்குப் பிடிக்காத பகுதி.

மீன்கொத்தி

அதனால்தான் டெபிட் கார்டில் வாங்கவே கூடாது என்கிறேன். கிரெடிட் கார்டு என்றால் பிளாக் ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன? வட்டி கிடையாது, ஸ்டேட்மென்ட்டிலும் வராது.

கடைத்தெரு_குமரன்

வட்டி கிடையாது, ஸ்டேட்மென்ட்டில் சேராது, இரண்டும் சரி. ஆனால் லிமிட்டைத் தின்னும். லிமிட் 2,500, ஏற்கெனவே 800 பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்றால் கயல் மாதிரி 2,000 பிடித்ததும் கார்டு மறுக்கப்படும். இதில் வேடிக்கை, கடைசியாக வரும் 400 அனுமதியே மறுக்கப்படலாம். அப்போது கடை “உங்கள் கார்டு செல்லவில்லை, கட்டண முறையை மாற்றுங்கள்” என்று மெயில் அனுப்பும். வாடிக்கையாளரின் லிமிட்டை நிரப்பி வைத்ததே அந்தக் கடையின் பழைய பிளாக்தான் என்று இரண்டு பக்கமும் யாருக்கும் தெரியாது.

கயல்_எழுத்து

வங்கியில் பேசினேன். முதலில் பேசியவருக்கு நான் கேட்டது புரியவில்லை, “பெண்டிங்கில் இருப்பதற்கு எண் கிடையாது மேடம்” என்றார். கார்டு பிரிவுக்கு மாற்றச் சொன்ன பிறகு சொன்னார்கள். 1,000-இன் கோடும் 600-இன் கோடும் வேறு வேறு. 400-க்கு மூன்றாவது ஒரு கோட்.

அப்படியென்றால் குமரன் அண்ணன் சொன்னதுதானே? இப்போது கடையிடம் என்ன வார்த்தையில் கேட்பது? “பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்றால் மறுபடியும் அதே 600 கதையைத்தான் சொல்வார்கள்.

கடைத்தெரு_குமரன்

ஆமாம், ஆர்டரை உடைத்தபோது தாயை ரத்து செய்யாமல் விட்டிருக்கிறார்கள். ரீஃபண்ட் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். ரீஃபண்ட் என்று தட்டினாலே உதவிப் பிரிவின் திரையில் எடுக்கப்பட்ட தொகைகள்தான் வரும். இப்படி எழுதுங்கள்:

“இந்த ஆர்டருக்கு மூன்று ஆத்தரைசேஷன்கள் உள்ளன. 1,000-க்கு இன்ன தேதியில், இன்ன அப்ரூவல் கோடில் வாங்கியது பயன்படுத்தப்படவில்லை. 600-உம் 400-உம் தனிக் கோடுகளில் வந்துள்ளன. பயன்படுத்தாத 1,000-க்கு ஆத்தரைசேஷன் ரிவர்சல் அனுப்பவும். பேமென்ட் பிரிவுக்கு மாற்றவும்.”

மூன்று கோடையும் போடுங்கள். 400 பார்சல் இன்னும் கிளம்பவில்லை என்றால் அதைத் தொட வேண்டாம் என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் எல்லாவற்றையும் ரத்து செய்து ஆர்டரையே மூடிவிடுவார்கள், அதுவும் நடக்கும்.

இலவம்பஞ்சு

குறுக்கே ஒரு கேள்வி. மூன்று மாதம் கழித்து வெளியாகும் ஒரு பொருளுக்கு முன்பதிவு செய்தேன். பிளாக்கே ஆகவில்லை. ஆர்டர் விழுந்ததா என்றே பயமாக இருக்கிறது.

கடைத்தெரு_குமரன்

பிளாக் ஆகாததுதான் சரி. எந்த அனுமதியும் மூன்று மாதம் தாங்காது. இப்போது கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பூஜ்யத் தொகையிலோ ஒன்று என்ற தொகையிலோ ஒரு சோதனை செய்திருப்பார்கள். கார்டைக் கேட்வேயில் சேமித்து, பொருள் கிளம்பும் நேரம் நெருங்கும்போது முழுத் தொகைக்கு அனுமதி கேட்பார்கள். அந்த நாளில் கணக்கில் பணம் இருக்க வேண்டும். அதற்குள் கார்டு மாறினால் கடையில் நீங்களே போய் மாற்றிவிடுங்கள், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மீன்கொத்தி

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். இவ்வளவு தலைவலி எதற்கு? ஆர்டர் போட்ட உடனே எடுத்துவிட்டால் பிளாக்கும் இல்லை, கோடும் இல்லை. பொருள் இல்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகட்டுமே.

பழைய_பேரேடு

பொருள் அனுப்பாமல் வசூலிப்பதைக் கார்டு நிறுவனங்களின் விதிகள் பொதுவாக ஏற்பதில்லை. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால்தான் முன்கூட்டியே எடுக்கலாம். காரணமும் எளிது. பணத்தை வாங்கிக்கொண்டு கடை மூடிவிட்டால் ஒவ்வொரு வாடிக்கையாளரும் வங்கியிடம் வருவார், வங்கி கடையின் வங்கியிடம் போகும், அந்த வங்கி தன் கைப்பணத்தைக் கொடுக்கும்.

கடைத்தெரு_குமரன்

கடை பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் முதலில் எடுத்ததற்குக் கட்டிய கட்டணம் பல கேட்வேயில் திரும்பி வராது. எடுக்காமலேயே ரத்து செய்தால் பெரும்பாலும் அந்தச் செலவு இல்லை. பொருள் கையிருப்பில் இல்லாமல் ஆர்டர் வாங்கும் கடைகளுக்கு இது பெரிய வித்தியாசம்.

ஆனால் மீன்கொத்தி கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டாக உடையும் என்று முன்பே தெரிந்த ஆர்டருக்கு முழுத் தொகைக்கும் பிளாக் போட வேண்டியதே இல்லை. கையில் இருக்கும் பொருளுக்கு மட்டும் அனுமதி வாங்கினால் போதும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பழைய_பேரேடு

அப்போது இரண்டாவது பார்சலின்போது கார்டு மறுக்கப்பட்டால்? வாடிக்கையாளர் கட்டண முறையை மாற்றும் வரை பொருள் கிடங்கில் காத்திருக்கும். பெரிய கடைகள் அதை விரும்பாமல்தான் முழுத் தொகையைப் பிடித்து வைக்கின்றன. பிடிப்பதில் எனக்குக் குறையில்லை, விடுவிக்காததில்தான்.

கடைத்தெரு_குமரன்

ஒரு வாரத்தில் காலாவதியாகப் போகும் அனுமதியைப் பிடித்து வைத்து என்ன பாதுகாப்பு, ஐயா? கயலின் இரண்டாவது பார்சலுக்கு எப்படியும் புது அனுமதிதான் வாங்கினார்கள். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

கயல்_எழுத்து

நிலவரம்: கடையின் பேமென்ட் பிரிவு பதில் போட்டார்கள். பழைய 1,000 “எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே எக்ஸ்பயர்ட் என்று காட்டுகிறது, அதன் மேல் இனி எங்களால் ரிவர்சல் அனுப்ப முடியாது” என்கிறார்கள். வங்கியில் இன்னும் அது நிற்கிறது. இரண்டாவது பார்சல் கிளம்பிவிட்டது, 400 எடுக்கப்பட்டு அதன் பெண்டிங் உடனே மறைந்துவிட்டது.

பழைய_பேரேடு

400 ஒழுங்காக மறைந்ததைப் பார்த்தால் உங்கள் வங்கி பொருத்தும் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, தொகையும் கோடும் சேர்ந்து வந்தால்.

எக்ஸ்பயர்ட் என்பது நான் சொன்ன முதல் கடிகாரம். அது நின்றுவிட்டது, இரண்டாவது ஓடுகிறது. கேட்வேயில் காலாவதியான அனுமதியின் மேல் ரத்துச் செய்தி அனுப்ப முடியாது என்று அவர்கள் சொல்வதை நம்பலாம். அவர்களிடம் ஒரு கடிதம் கேளுங்கள். கார்டின் கடைசி நான்கு இலக்கம், தொகை, தேதி, அப்ரூவல் கோட், “இந்தத் தொகையை நாங்கள் வசூலிக்க மாட்டோம், விடுவிக்கலாம்” என்ற வரி, தொடர்பு எண். இவ்வளவு போதும். அதை வங்கியின் கார்டு பிரிவுக்கு அனுப்புங்கள். நான் இருந்த இடத்தில் இப்படிக் கடிதம் வந்தால் கையால் விடுவிப்போம். சில வங்கிகள் கடைக்காரரோடு தொலைபேசியில் உறுதிசெய்த பிறகுதான் செய்யும். செய்ய மறுப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் “எந்தத் தேதியில் தானாக விழும்” என்ற ஒரு பதிலையாவது எழுத்தில் வாங்குங்கள்.

வானம்பாடி88

ARN கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார்கள். வங்கி அதை வைத்துத் தேடுகிறதாம். நன்றி ஐயா.

இலவம்பஞ்சு

இன்னொரு கேள்வியும் கேட்டுவிடுகிறேன். வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் பிளாக் ஆன நாளின் மாற்று விகிதமா, எடுக்கும் நாளின் விகிதமா? போன தடவை பிளாக் ஆனதை விடக் கொஞ்சம் அதிகமாக எடுத்தார்கள்.

பழைய_பேரேடு

அது கார்டு நிறுவனத்தைப் பொறுத்தது. வசூல் செய்தி வந்து சேரும் நாளின் விகிதத்தில் மாற்றினால், பிளாக் அன்றைய மதிப்பீடு மட்டும்தான். இடையில் வாரம் போனால் வித்தியாசம் தெரியும், கூடவோ குறைவாகவோ. அதோடு, உங்கள் பணத்தில் கணக்கிட்டால் தொகை பொருந்தாமல் போவதால், பிளாக் நீங்காமல் தொங்கும் வாய்ப்பும் சற்று அதிகம்.

கயல்_எழுத்து

கடிதம் வாங்கி அனுப்பிவிட்டேன். வங்கி “பரிசீலிக்கிறோம்” என்றது. தானாக விழும் தேதியையும் சொன்னார்கள், அடுத்த வாரக் கடைசி. எது முதலில் வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மீன்கொத்தி

தேதிதான் முதலில் வரும், பந்தயம்.